இது எந்தச் சோர்வு?

மசக்கை என்றால் வாந்தி என்றுதான் பல ஆண்களுக்குத் தெரியும். வாந்தி கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. அதற்கு எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறோம், டாக்டரிடம் மாத்திரை கேட்கிறோம். சோர்வு அப்படி வெளியே தெரிவதில்லை. வேலையிலிருந்து வந்த மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே கண் அசந்துவிடுகிறார். எழுப்பினால் எரிந்து விழுகிறார். வயிறே இன்னும் தெரியவில்லையே, அதற்குள் இப்படியா என்று வீட்டில் பேச்சு வருகிறது.

வயிறு தெரியாத அந்த முதல் மூன்று மாதத்தில்தான் உடம்புக்குள் வேலை மிக அதிகம். கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்க புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அதற்குத் தூக்கத்தை வரவழைக்கும் குணம் உண்டு. நஞ்சுக்கொடி உருவாகி முழுப் பொறுப்பை எடுத்துக்கொள்ள ஏறக்குறைய 12 வாரம் ஆகும். உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கூட ஆரம்பித்து, கடைசி மாதங்களில் முன்பு இருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. இதயம் அதற்கேற்ப ஓடியாக வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது சாப்பாடும் உள்ளே தங்குவதில்லை. உங்கள் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவது சோம்பல் கிடையாது, நடிப்பும் கிடையாது.

இந்த அத்தியாயத்தில் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். மனைவி சோர்ந்துபோகும்போதும் சிடுசிடுக்கும்போதும், இது எந்தச் சோர்வு என்று முதலில் பாருங்கள். தூக்கம் போதாத சோர்வுக்கு ஒரு வழி, வயிறு காலியாக இருக்கிற சோர்வுக்கு வேறு வழி, ரத்தச்சோகைக்கு இன்னொரு வழி. மனம் வாடிப்போன சோர்வுக்கு முற்றிலும் தனி வழி. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்று போலத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்கிற வேலையை, பக்கத்திலேயே இருக்கிற நீங்கள்தான் செய்ய முடியும். மாதம் ஒரு முறை பத்து நிமிடம் பார்க்கிற டாக்டருக்கு அது தெரிய வழியில்லை.

காலண்டர் தாளில் ஒரு குறிப்பு

சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதா? ஒரு வாரத்துக்கு மட்டும் கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல், அதன் பின்பக்கம் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். நேற்று இரவு மனைவி எத்தனை முறை எழுந்தார், கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார், எரிச்சலோ அழுகையோ எந்த நேரத்தில் வந்தது. இதை அவரைக் கேட்டு எழுத வேண்டாம். கேட்டால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். நீங்களே கவனித்து எழுதுங்கள்.

ஒரு வாரம் கழித்து ஏழு தாளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரு ஒழுங்கு தெரிய வரும். மதியம் ஒரு மணிக்கு நாலு வாய் சாப்பிட்டதோடு சரி, ஆறரை மணிக்கு வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் இல்லை. சண்டை தினமும் ஏழு மணிக்கு. அப்படியென்றால் அந்தச் சண்டைக்கு நீங்கள் பேசிய வார்த்தை காரணமே இல்லை, ஐந்தரை மணி நேரப் பட்டினிதான் காரணம். இன்னொரு வீட்டில் இரவு நாலு முறை பாத்ரூம் போன மறுநாள் மட்டும் அழுகை வந்திருக்கும். காரணம் கையில் கிடைத்துவிட்டால், உங்களுக்கும் கோபம் குறைந்துவிடும். வாக்குவாதத்தில் யார் சொன்னது சரி என்று நிரூபிக்கிற அவசியமும் போய்விடும்.

பசியும் வாடையும்

மசக்கைக் காலத்தில் காலி வயிறுதான் குமட்டலைக் கூட்டுகிறது. குமட்டலால் சாப்பிட முடியவில்லை, சாப்பிடாததால் குமட்டல். இந்தச் சுழற்சியைக் காலையில் கட்டிலிலேயே உடைக்க வேண்டும். இரவு படுக்கும் முன் தலைமாட்டில் ஒரு சின்ன டப்பாவில் ரஸ்க், பொரி, பொட்டுக்கடலை, இதில் அவருக்கு ஒத்துப்போவது எதுவோ அதை வையுங்கள். கண் விழித்ததும் எழுந்திருக்காமல் இரண்டு வாய் மென்று தின்று, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழட்டும். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் இடையிடையே மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. வேலைக்குப் போகிறவர் என்றால் மூன்று சின்ன டப்பாக்கள் கட்டித் தர வேண்டும். அதைக் கட்டுகிற வேலை உங்களுடையது. நாலு மணிக்கு ஒன்று, பஸ் ஏறும் முன் ஒன்று என்று அவருக்குக் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வாடை இன்னொரு பெரிய தொந்தரவு. நேற்றுவரை பிடித்த சோறு கொதிக்கும் வாசனையே இன்று குடலைப் புரட்டும். தாளிப்பதை மனைவி குளிக்கப் போகும் நேரத்தில் முடித்துவிடுங்கள். சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி வாடை வெளியே போய்விடும். மீன் குழம்பு வேண்டுமென்றால் நீங்கள் வெளியில் சாப்பிட்டு வாருங்கள், மூன்று மாதம்தானே. சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாடை குறைவு என்பதால், தயிர்ச் சாதமும் ஆறிய இட்லியும் பலருக்கு இறங்கும். ‘சூடா சாப்பிடு’ என்று வற்புறுத்தாதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் குமட்டல் ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், நாலாவது மாதத்தில் தணிந்துவிடும். ஆனால் தண்ணீர்கூட உள்ளே தங்காமல் ஒரு நாள் முழுக்கப் போனால், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாக வந்தால், எழுந்து நின்றால் தலை சுற்றினால், எடை இறங்கிக்கொண்டே போனால், அது வீட்டில் வைத்துப் பார்க்கிற மசக்கை கிடையாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

‘ஏதாவது செய்யணுமா?’ என்று கேட்காதீர்கள்

நல்ல மனதோடு கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, படுத்திருக்கிறவர் எழுந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மாவு எவ்வளவு இருக்கிறது, பால் காய்ச்சியாச்சா, நாளைக்கு என்ன காய் என்று வீட்டின் கணக்கு முழுவதும் அவர் தலையில்தான் ஓடுகிறது. நீங்கள் பாத்திரம் கழுவினாலும், கழுவச் சொல்கிற வேலை அவரிடமே இருக்கிறது. சோர்வில் பாதி அந்தக் கணக்குதான்.

ஆகவே துண்டு துண்டாக உதவாமல், ஒரு பொறுப்பை அடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். எதில் தொடங்குவது என்று கேட்டால் இரவுச் சமையலறை என்பேன். அது மனைவி மிகவும் ஓய்ந்துபோயிருக்கும் நேரம். சாப்பிட்டு முடித்ததும் மீந்ததை எடுத்து வைப்பது, பாத்திரம் கழுவுவது, அடுப்பு மேடை துடைப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, மறுநாள் காய் நறுக்கி வைப்பது, குப்பையை வெளியே வைப்பது எல்லாம் இதில் சேர்ந்தவை. புதன்கிழமையோடு மாவு தீர்ந்துவிடும் என்பதை ஞாபகம் வைத்துச் செவ்வாய்க்கிழமையே அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவதும் இதில் சேர்ந்ததுதான். அவர் ஒரு முறைகூட நினைவுபடுத்தாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால், அந்தப் பொறுப்பு உண்மையிலேயே கை மாறிவிட்டது என்று அர்த்தம். அவர் செய்வது போலவே இருக்காது, மேடையில் ஈரம் இருக்கும், டப்பா இடம் மாறியிருக்கும். அதைச் சுட்டிக்காட்டினால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ‘அப்ப நீயே செஞ்சுக்கோ’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும்.

கேஸ் சிலிண்டர் நகர்த்துவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, ஈரத் துணி வாளியை மாடிக்குக் கொண்டுபோவது, ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து எடுப்பது ஆகியவை ஒன்பது மாதமும் உங்கள் வேலை. இதில் பேச ஒன்றுமில்லை.

ஓய்வையும் நீங்கள்தான் காவல் காக்க வேண்டும். வேலையிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் படுத்தால், முன்னிரவு முழுவதும் ஓரளவு தெம்பாக இருக்க முடியும். அந்த அரை மணி நேரம் போன் உங்கள் கையில் இருக்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது நீங்களாக இருங்கள். மாலையில் அரை மணியைத் தாண்டி இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டால், இரவுத் தூக்கம் கெடும், மெதுவாக எழுப்பிவிடுங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் இதைச் செய்ய அம்மாவிடம் பேச வேண்டியிருக்கும். பேச வேண்டியது நீங்கள். மனைவி முன்னால் பேச வேண்டாம், ‘அவ சொன்னா’ என்று தொடங்கவும் வேண்டாம்.

“அம்மா, இனிமே ராத்திரி பாத்திரம் நான் கழுவிடறேன். அவ சாப்பிட்டதும் படுக்கட்டும்.”

“நாங்கல்லாம் பத்து மாசமும் நெல்லு குத்துனோம்டா. இவளுக்கு மட்டும் என்ன?”

“நீ குத்துன காலத்துல வீட்ல பாட்டி, அத்தை, சித்தின்னு அஞ்சு பேரு இருந்தீங்க. இப்ப நாம மூணே பேரு. அவ காலையில ஏழரைக்கு பஸ் ஏறி, ராத்திரி ஏழு மணிக்கு வர்றா. நீயும் நின்னு நின்னு முட்டி வலிக்குதுன்ற. நான் செய்யறேன்மா.”

இதில் அம்மாவின் உழைப்பை மறுக்கவில்லை, மனைவியைப் புகார்க்காரி ஆக்கவும் இல்லை. ‘நான் செய்கிறேன்’ என்பது உங்கள் முடிவாக நிற்கிறது. அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் மாதம் திரும்பி வந்த சோர்வு

பொதுவாக நாலாவது மாதத்துக்குப் பிறகு தெம்பு திரும்பும். குமட்டல் நிற்கும், சாப்பாடு இறங்கும், முகம் தெளியும். கடைசி இரண்டு மாதங்களில் பாரத்தாலும் தூக்கமின்மையாலும் சோர்வு மறுபடி வருவது இயல்பு. நடுவில், ஐந்தாம் ஆறாம் மாதத்தில் சோர்வு திரும்பி வந்தால் அதை இயல்பு என்று விட்டுவிடாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு, திருப்பூரில் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், மனைவி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார், கூடவே கணவரின் அம்மா. முதல் மூன்று மாதச் சிரமம் எல்லாம் கழிந்து, நாலாவது மாதம் நன்றாகவே போயிற்று. ஐந்தாம் மாதக் கடைசியில் கணவர் சில மாற்றங்களைக் கவனிக்கிறார். மாடிப்படி ஏறும்போது மனைவி பாதியில் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார். முகத்தில் வெளுப்பு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் கண்ணில் களைப்பு. தலைவலி, படபடப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஒரு நாள் அரிசி டப்பாவைத் திறந்தபடி நின்று பச்சரிசியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர், கணவரைப் பார்த்ததும் கூச்சப்பட்டு மூடி வைக்கிறார்.

அந்தப் பச்சரிசிதான் இங்கே முக்கியமான துப்பு. பச்சரிசி, சாம்பல், விபூதி, சாக்பீஸ், செங்கல் துண்டு, ஐஸ் கட்டி என்று சாப்பாடு அல்லாதவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவது, பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும். மசக்கை ஆசை என்று வீட்டில் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இது. சிரிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தச்சோகை. குழம்பில் தண்ணீர் கூடினால் நீர்த்துப்போவது போல, ரத்தத்தில் நீரின் அளவு சிவப்பணுக்களைவிட வேகமாகக் கூடுவதால் எண் சற்று இறங்குவது இயற்கை. அதற்கு மேல் குழந்தைக்கும் இரும்பு போக வேண்டும். நம் நாட்டில் 2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல், அதாவது 52 சதவீதத்தினருக்கு ரத்தச்சோகை இருந்தது. ஆகவே உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்றே நினைத்துத் தொடங்குங்கள்.

திருப்பூர் வீட்டுக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2. டாக்டர் கேட்கிறார், “இரும்பு மாத்திரை சாப்பிடறீங்களா?” மனைவி சொல்கிறார், “தினமும் சாப்பிடறேன் டாக்டர்.” பொய் இல்லை. நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை என்று கொடுத்ததை ஒரு நாள் விடாமல் போட்டிருக்கிறார். ஆனால் எப்போது? காலையில் டிபன் முடித்து டீ குடிக்கும்போது. அதோடு சேர்த்துக் கால்சியம் மாத்திரையையும். டீயில் இருக்கிற டானின் இரும்பைக் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கால்சியமும் இரும்போடு போட்டி போடும். காபிக்கும் பாலுக்கும் இதே கதைதான். இரண்டு மாதமாகப் போட்ட மாத்திரையில் பெரும்பங்கு உடம்பில் சேராமல் வெளியே போயிருக்கிறது.

டாக்டர் மாத்திரையை நாளைக்கு இரண்டாக்குகிறார். கணவர் செய்வது நேரத்தை மாற்றுவதுதான். காலை பதினோரு மணிக்கு ஒன்று. அலுவலகத்தில் எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டுக்கொள்ளும்படி டப்பாவில் வைத்துக் கொடுக்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது. இதை அவர் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். டீயும் காபியும் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் கிடையாது. கால்சியம் காலை டிபனோடும் மாலைச் சிற்றுண்டியோடும். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. எலுமிச்சைக்குப் பதில் நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தாலும் சரி. வைட்டமின் சி இரும்பை உள்ளே சேர்க்க உதவும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு சிக்கல். மலம் கறுப்பாகப் போகிறது, கட்டிக்கொள்கிறது. மனைவி பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார். பல வீடுகளில் இங்கேதான் மருத்துவம் அறுந்துபோகிறது. மாத்திரைப் பட்டை அலமாரிக்குள் அப்படியே கிடக்கும், கேட்டால் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையின் இயல்பான அடையாளம், பயப்பட ஏதுமில்லை. மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, அத்திப்பழம், போதுமான தண்ணீர், சாயங்காலம் இருவருமாக ஒரு நடை. வயிற்றைப் புரட்டினால் வேறு வகை இரும்பு மாத்திரை உண்டா என்று டாக்டரைக் கேட்கலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது.

நாலு வாரம் கழித்துப் பார்த்தால் 10.3. சரியாகச் சேர்ந்தால் மாதத்துக்கு 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை நேரம் சரியாக இருந்ததா என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அது சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பி12 குறைவு, தலசீமியா மரபுக் கூறு, குடல் புழு என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும், அல்லது நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும். 7க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துதான் பார்ப்பார்கள்.

பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஈரல் எல்லாம் நல்லவைதான். வாங்கிக் கொடுங்கள். ஆனால் 9.2ல் இருக்கிறவரை உணவால் மட்டும் பிரசவத்துக்குள் தூக்கி நிறுத்திவிட முடியாது. ‘மாத்திரை சூடு, மாதுளம்பழம் போதும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ரத்தம் சரியாக இருந்தும் சோர்வு தீரவில்லை என்றால் தைராய்டு பரிசோதனையையும், சர்க்கரைப் பரிசோதனையையும் பற்றிக் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து வரும். பலர் அதைக் கர்ப்பத்தின் தலையில் போட்டுவிடுகிறார்கள்.

கோபமும் அழுகையும்

பசி, தூக்கம், ரத்தம் மூன்றையும் கவனித்துவிட்டாலே சிடுசிடுப்பு கணிசமாகக் குறைந்துவிடும். மிச்சம் இருப்பது மனதில் இருப்பது. டிவி விளம்பரத்தைப் பார்த்து அழுவார். நீங்கள் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு வீடு அதிரும். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம்தான் அடுத்த அரை மணி நேரத்தைத் தீர்மானிக்கிறது. ‘இதுக்குப் போய் அழுவாங்களா’, ‘எல்லாரும்தான் புள்ள பெத்துக்கறாங்க’, ‘எல்லாம் ஹார்மோன்’ என்ற மூன்றையும் வாயில் வரவிடாதீர்கள். மூன்றாவது உண்மையாகவே இருந்தாலும், அழுகிறவருக்கு அது ‘உன் வருத்தத்துக்கு அர்த்தமில்லை’ என்றுதான் கேட்கும்.

பக்கத்தில் உட்காருங்கள். “என்னம்மா, சொல்லு” என்பது போதும். சொல்லத் தொடங்கினால் குறுக்கே தீர்வு சொல்லாதீர்கள். சொல்லி முடித்ததும், “நான் ஏதாச்சும் செய்யணுமா, இல்ல கேட்டா மட்டும் போதுமா?” என்று கேளுங்கள். மேலே வீட்டு வேலைக்குக் கேட்க வேண்டாம் என்றேன்; மனதில் உள்ளதற்குக் கேட்டே ஆக வேண்டும். பாதி நேரம் ‘கேட்டா போதும்’ என்றுதான் பதில் வரும். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால், “வெளியிலதான் இருக்கேன், கூப்பிடு” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். கோபத்தில் பேசிய வார்த்தைக்கு மறுநாள் விளக்கம் கேட்காதீர்கள்.

அழுகைக்கு அடியில் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கிறது. முன்பு ஒரு கரு கலைந்திருந்தால் அந்த வாரம் நெருங்கும்போது பயம் கூடும். சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குப் பிரசவத்தில் ஏதாவது ஆகியிருக்கும். வேலை போய்விடுமோ என்ற கவலை இருக்கும். இன்னும் ஒன்று, வளைகாப்புக்கு வருகிறவர்கள் வயிற்றைப் பார்த்து ‘இது பையன்தான்’ என்று வாழ்த்துவது. அந்த வார்த்தை, பெண் பிறந்தால் என்ன சொல்வார்களோ என்ற பாரத்தை அவர் நெஞ்சில் ஏற்றிவிட்டுப் போகிறது. “எதுவா இருந்தாலும் சரி பெரியம்மா, ரெண்டு பேரும் நல்லபடியா இருக்கணும்” என்று எல்லார் முன்னாலும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். தனியாக இருக்கும்போது மனைவியிடம் சொல்வதைவிட, சபையில் சொல்வதற்குப் பலம் அதிகம்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கிற கணவர் இதையெல்லாம் எப்படிச் செய்வது? காலண்டர் குறிப்பு எழுத முடியாது. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் போன் செய்ய முடியும். பேச்சைச் ‘சாப்பிட்டியா’ என்று தொடங்காமல், ‘நேத்து ராத்திரி எப்படித் தூங்கினே’ என்று தொடங்குங்கள். சாப்பிட்டியா என்பதற்கு எல்லாரும் ‘ம்’ என்பார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நீளும். பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஆள் வைப்பதும், அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் யார் என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே பேசி வைப்பதும் உங்கள் பொறுப்பு.

இது வெறும் மனநிலை மாற்றம் இல்லை என்று எப்போது சொல்வது

இயல்பான மனநிலை மாற்றம் வரும், போகும். காலையில் அழுதவர் மதியம் தங்கையோடு சிரித்துப் பேசுவார். மனச்சோர்வு நோய் அப்படிப் போவதில்லை. நாளின் பெரும்பகுதியும், தொடர்ந்து இரண்டு வாரமும் வாட்டம் நீடிப்பது. பிடித்த எதிலும் ஆசை இல்லாமல் போவது. வீடு அமைதியாக இருந்தும், படுத்தும் தூக்கம் வராதது. குமட்டல் இல்லாமலே சாப்பாட்டை ஒதுக்குவது. ‘நான் நல்ல அம்மாவா இருக்க மாட்டேன்’ என்று குற்ற உணர்வில் மூழ்குவது. பரிசோதனைக்கே வர மறுப்பது. இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இன்னும் அதிகம். திருமணத்துக்கு முன்போ முந்தைய பிரசவத்திலோ மனச்சோர்வு வந்தவர் என்றால் வாய்ப்பு கூடுதல். பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். சரியாகாமல் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்வது உண்டு.

பரிசோதனைக்குப் போகும்போது, “இவங்க ரெண்டு வாரமா சரியாத் தூங்கறதில்ல, எதுலயும் மனசு ஒட்டலைங்கறாங்க” என்று டாக்டரிடம் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதைச் சொல்லலாமா என்று முதல் நாளே மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு ஆலோசனை போதும், சிலருக்கு மாத்திரை வேண்டியிருக்கும். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை இருக்கின்றன. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பம் தெரிந்ததும் தானாக நிறுத்துவது ஆபத்து. அதே டாக்டரிடம் உடனே போய்க் கேளுங்கள்.

‘நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது’ என்பது போல ஒரு வார்த்தை வந்தால், அதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து, எலி பேஸ்ட் எதையும் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். டெலி மானஸ் எண் 14416 இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உடனடி ஆபத்து என்றால் 108.

உடம்பு சார்ந்த அவசர அடையாளங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவையும் சோர்வு என்ற பெயரில்தான் முதலில் வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, காய்ச்சல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது இருந்தாலும் காலைவரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

தாய் வீட்டுக்கு அனுப்பும்போது

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து மனைவி தாய் வீட்டுக்குப் போகும்போது, இத்தனை மாதம் நீங்கள் கவனித்ததும் கூடவே போக வேண்டும். மாமியாருக்குப் பாசம் நிறைய இருக்கும், ஆனால் இரும்பு மாத்திரையை டீயோடு கொடுக்கக் கூடாது என்பது தெரியாமல் இருக்கலாம். ஒரு முழுத்தாளில் எழுதுங்கள். எந்த மாத்திரை எந்த நேரம், எதோடு சேரக் கூடாது. கடைசி ஹீமோகுளோபின் எத்தனை, அடுத்த பரிசோதனை என்றைக்கு. இரவில் இடது பக்கம் சாய்ந்து படுக்க முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. மாலை நாலு மணிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏழு மணிக்குத் தலைவலி வரும். தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் அத்தனையையும் ஒரே கோப்பில் வைத்து அதன் முதல் பக்கத்தில் இந்தத் தாளைச் செருகுங்கள்.

அவசர அடையாளங்களை மட்டும் சிவப்பு மையில் எழுதி, கீழே மூன்று எண்கள்: உங்களுடையது, டாக்டருடையது, 108. அந்தத் தாளை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், ஒரு முறை உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள். பக்கத்தில் மனைவியும் இருக்கட்டும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அவர் சொல்வார்.